தம்பிக்கு 21 வயது ஆகும்போது

இந்த மாதப் பாடம் கொஞ்சம் வேறு மாதிரி. நான் படிப்பது பொறியியல், சட்டம் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் கடந்த எட்டு மாதமாக நடந்த ஒரு வேலையில், வக்கீல் முன்னால் உட்கார்ந்து கேள்வி கேட்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். உங்கள் வீட்டிலோ மாமா, சித்தி வீட்டிலோ மாற்றுத்திறன் உள்ள அல்லது மனநலம் பாதித்த ஒரு பிள்ளை இருந்தால், பெரியவர்கள் இதைப் பற்றி வாய் திறக்கத் தயங்குவார்கள். நாம்தான் தொடங்க வேண்டியிருக்கும்.

என் தம்பிக்கு வயது 19. ஆட்டிசமும் அறிவுத்திறன் குறைபாடும் உள்ளவன். தானாகக் குளிப்பான், சாப்பிடுவான், பிடித்த பாட்டைத் தேடிப் போட்டுக்கொள்வான். பத்து வெள்ளிக்கும் ஆயிரம் வெள்ளிக்கும் வித்தியாசம் தெரியாது. அப்பாவுக்கு 58, அம்மாவுக்கு 54, எனக்கு 22.

போன வருஷம் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அலமாரியிலிருந்து ஒரு கவரை எடுத்துக் காட்டினார். நண்பர் ஒருவரின் உயிலைப் பார்த்து அவர் தானே தட்டச்சு செய்த உயில். மொத்தம் ஒன்றரைப் பக்கம். சாரம் இதுதான்: எல்லாச் சொத்தும் மனைவிக்கு. மனைவி இல்லையென்றால் எல்லாம் மகளுக்கு, மகள் தம்பியைப் பார்த்துக்கொள்வாள். தம்பிக்குப் பாதுகாவலர் பெரியப்பா.

"நீ இருக்கியேம்மா, அப்புறம் என்ன?" என்றார்.

அந்த வரி எனக்குள்ளே என்ன செய்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த ஒன்றரைப் பக்கத்தில் என்ன கோளாறு என்று பார்ப்போம். நம் குடும்பங்களில் பாதிப் பேர் இதே மாதிரிதான் எழுதி வைத்திருக்கிறார்கள், அல்லது எழுதாமலே மனதில் வைத்திருக்கிறார்கள்.

"எல்லாம் மகளுக்கு, அவள் பார்த்துக்கொள்வாள்" என்ற ஏற்பாட்டில் முதல் பாதிக்குத்தான் சட்டத்தில் பலம். பணம் என் பெயருக்கு வந்ததும் அது என்னுடையது. "பார்த்துக்கொள்வாள்" என்பது அப்பாவின் ஆசையாக மட்டும் நின்றுவிட வாய்ப்பு அதிகம். நான் நல்லவள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு தொழில் தொடங்கிக் கடனில் விழுந்து திவாலானால், கடன் கொடுத்தவர்கள் அந்தப் பணத்துக்கு வருவார்கள். அது தம்பியின் சாப்பாட்டுப் பணம் என்று நான் அழுதாலும் கணக்கில் அது என் பணம். அதைவிட மோசமான நிலைமை ஒன்று உண்டு. எனக்குக் கல்யாணமாகி, ஒரு குழந்தை பிறந்து, உயில் எழுதாமல் நான் இறந்துவிட்டால் என்ன ஆகும்? சிங்கப்பூரில் முஸ்லிம் அல்லாதவர்கள் உயில் இல்லாமல் இறந்தால், சொத்தில் பாதி கணவன் அல்லது மனைவிக்கும் மீதிப் பாதி பிள்ளைகளுக்கும் போகும். உடன்பிறந்தவனுக்கு ஒரு காசு கிடையாது. அப்பா தம்பிக்காகச் சேர்த்த பணம், தம்பியை இரண்டு முறை மட்டுமே பார்த்திருக்கும் ஒருவரிடம் சட்டப்படி சரியாகப் போய்ச் சேரும். யாரும் யாரையும் ஏமாற்றத் தேவையே இல்லை.

சரி, அப்படியானால் தம்பி பெயரிலேயே பாதியை எழுதிவிடலாமே என்று அம்மா கேட்டார். அதுவும் மாட்டிக்கொள்ளும். பெரியவனாகிவிட்ட தம்பியால் வங்கியில் போய்க் கையெழுத்துப் போட முடியாது. அவன் சார்பில் வேறு யாராவது அந்தப் பணத்தைத் தொட வேண்டுமென்றால் நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும். அது கிடைக்கும்வரை பணம் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

மூன்றாவது கோளாறுதான் எங்கள் எல்லோரையும் தூக்கிவாரிப் போட்டது. பெரியப்பாவைப் பாதுகாவலராக எழுதியிருந்தாரே, அந்த வரி. உயிலில் பிள்ளைக்குப் பாதுகாவலரை நியமிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது, உண்மைதான். ஆனால் அது 21 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு மட்டும். பிள்ளைக்கு 21 ஆன அன்றைக்கு அந்த நியமனத்துக்கு வேலை முடிந்துவிடும். சட்டத்தின் கண்ணில் அவன் பெரியவன், தன் முடிவைத் தானே எடுக்கக்கூடியவன் என்றுதான் தொடங்கும். பெரியவனான பிள்ளைக்கு அப்பா அம்மாவுக்கே தானாக எந்த அதிகாரமும் கிடையாது. இத்தனை நாள் தம்பிக்காக அவர்கள் போட்ட கையெழுத்தெல்லாம் அவன் வயது குறைவு என்பதால் செல்லுபடியானவை.

தம்பிக்கு 21 ஆக இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. அப்பா எழுதிய பாதுகாவலர் வரிக்கும் ஆயுள் அவ்வளவுதான். அதுபோக, பெரியப்பாவுக்கு இப்போதே 63. அப்பாவைவிட ஐந்து வயது மூத்தவர். அப்பா இல்லாத காலத்துக்கு அப்பாவின் அண்ணனை எழுதி வைத்திருக்கிறோம்! மரியாதைக்காக எழுதியது என்று அம்மா சொன்னார். பெரியப்பாவிடம் இதைப் பற்றிக் கேட்டீர்களா என்றேன். "கேட்கணுமா என்ன?" என்றார் அப்பா. கேட்கவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகப் பிரித்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிதாகிவிடும். தம்பியின் பணத்தை யார் வைத்திருப்பது என்பது ஒரு கேள்வி. தம்பிக்காக யார் முடிவெடுப்பது, அதாவது எங்கே தங்குவான், எந்த சிகிச்சை, யாருடன் இருப்பான் என்பது இன்னொரு கேள்வி. நம் வீடுகளில் இரண்டையும் ஒரே ஆளின் தலையில் கட்டிவிடுகிறோம். சட்டம் இரண்டுக்கும் தனித்தனிப் பாதை வைத்திருக்கிறது. பணத்துக்கு டிரஸ்ட். ஆளுக்கு டெபுட்டி.

முதலில் டிரஸ்ட். தமிழில் அறக்கட்டளை என்கிறோம். அந்தச் சொல்லைக் கேட்டதும் அப்பாவுக்குக் கோயில் அன்னதானம்தான் ஞாபகம் வந்தது. "நாம என்ன அவ்ளோ பெரிய பணக்காரங்களா?" என்றார். இது வேறு. ஒருவர் பணத்தை இன்னொருவரிடம் ஒப்படைத்து, இதை மூன்றாமவரின் நன்மைக்காக மட்டும், நான் எழுதிக் கொடுத்தபடி செலவு செய் என்று பத்திரம் எழுதுவதுதான் டிரஸ்ட். வைத்திருப்பவர் டிரஸ்டி. பணம் அவர் பெயரில் இருந்தாலும் அது அவருடையது அல்ல. அவர் திவாலானாலும் அவருடைய கடன்காரர்கள் அதைத் தொட முடியாது. மேலே நான் சொன்ன முதல் கோளாறுக்கு இதுதான் மருந்து.

டிரஸ்டியாக மாமாவையோ சித்தப்பாவையோ போடலாம். வங்கிகளின் டிரஸ்ட் நிறுவனங்களும் உண்டு, ஆனால் அவை பெரிய தொகைக்கானவை. எங்களைப் போன்ற குடும்பங்களுக்குச் சிங்கப்பூரில் இருக்கும் வழி ஸ்பெஷல் நீட்ஸ் டிரஸ்ட் கம்பெனி, சுருக்கமாக எஸ்என்டிசி. 2008ல் அமைக்கப்பட்ட லாப நோக்கமற்ற நிறுவனம். சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் ஆதரவில் இயங்குகிறது. 5,000 வெள்ளியோடு டிரஸ்ட்டைத் தொடங்கலாம். கட்டணத்தில் பெரும்பகுதியை அமைச்சு மானியமாகக் கொடுக்கிறது. போடும் பணத்தைப் பொது அறங்காவலர் அலுவலகம் முதலீடு செய்கிறது, அசலுக்கு அரசாங்க உத்தரவாதம் உண்டு. இந்தக் கடைசி வரியைக் கேட்டபிறகுதான் அப்பா முகம் கொஞ்சம் தெளிந்தது.

அங்கே நடந்தது என்ன என்று சொல்கிறேன். முதலில் ஒரு கேஸ் மேனேஜர் எங்களோடு உட்கார்ந்தார். அவர் கேட்டது தம்பியின் ஒரு நாளைப் பற்றி. காலையில் எழுவதிலிருந்து தூங்குவதுவரை யார் என்ன செய்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் என்ன செலவு. அதிலிருந்து ஒரு பராமரிப்புத் திட்டம் எழுதப்படும். பிறகு டிரஸ்ட் பத்திரத்தில் அப்பா கையெழுத்துப் போட்டு 5,000 வெள்ளியைப் போட்டார். அத்துடன் அது தூங்கிக்கொண்டிருக்கும். அப்பா அம்மா இறந்தாலோ, பார்த்துக்கொள்ள முடியாத அளவுக்கு மனத்திறனை இழந்தாலோ அது விழிக்கும். அதன்பிறகு திட்டத்தில் உள்ளபடி மாதாமாதம் பணம் தம்பியைப் பார்த்துக்கொள்பவருக்கோ, நேரடியாகப் பகல்நேர நடவடிக்கை நிலையத்துக்கோ போகும். தேவை மாறியிருக்கிறதா என்று நிறுவனம் அவ்வப்போது வந்து பார்க்கும்.

உயிலிலேயே டிரஸ்ட்டை எழுதிவிட முடியாதா என்று கேட்டேன். முடியும். ஆனால் உயிலுக்குள் பிறக்கும் டிரஸ்ட், அப்பா போன பிறகு, உயிலுக்கு நீதிமன்றம் அங்கீகாரம் கொடுத்த பிறகுதான் உயிர் பெறும். அதற்கு மாதங்கள் ஆகலாம். அந்த மாதங்களில் தம்பியின் வேன் கட்டணத்தை யார் கட்டுவது? டிரஸ்ட்டை முன்பே அமைத்துவிட்டு, "என் சொத்தில் இத்தனை பங்கு இந்தத் தேதியில் கையெழுத்தான டிரஸ்ட்டுக்கு" என்று உயிலில் குறிப்பிடுவது சுலபம். அதனால் வரிசை முக்கியம்: முதலில் டிரஸ்ட் பத்திரம், பிறகு உயில். அப்பா மாதிரி உயிலை முதலில் எழுதியவர்கள் மறுபடி எழுத வேண்டியதுதான்.

இப்போது கணக்கு. இது என் ஏரியா என்பதால் கொஞ்சம் நின்று பேசுகிறேன். தம்பியின் மாதச் செலவை அம்மாவோடு உட்கார்ந்து எழுதினோம். பகல்நேர நிலையமும் வேனும் மானியம் போக 350 வெள்ளி. சாப்பாடு 400. மருத்துவம், பல் மருத்துவர் 150. உடை, கைப்பேசி, வெளியே போய்வருவது 150. வாரக்கடைசியில் சில மணி நேரம் உதவிக்கு ஒருவர், அது 150. கூட்டினால் 1,200. இதில் வீட்டு வாடகை சேர்க்கவில்லை, அவன் என்னோடோ சித்தியோடோ இருப்பான் என்று வைத்துக்கொண்டோம். வருஷத்துக்கு 14,400 வெள்ளி.

அம்மா 80 வயதுவரை இருக்கிறார் என்று வைத்தால் அப்போது தம்பிக்கு 45. அவன் 75 வரை வாழ்ந்தால் 30 வருஷம். விலைவாசி ஏறுகிற அதே வேகத்தில் பணமும் வளர்ந்தால் கணக்கு எளிது: 14,400ஐ 30ஆல் பெருக்கினால் 432,000. பணத்தின் வளர்ச்சி விலைவாசியைவிட வருஷத்துக்கு ஒரு விழுக்காடு பின்தங்கினால் தேவை ஏறத்தாழ 501,000 ஆகிவிடுகிறது. ஒரே ஒரு விழுக்காட்டுக்கு 69,000 வெள்ளி.

எங்களிடம் அவ்வளவு இல்லை. காப்பீடு, வீடு விற்றால் வரும் பங்கு எல்லாம் சேர்த்துத் தம்பிக்கு ஒதுக்க முடிவது இன்றைய மதிப்பில் சுமார் 300,000. விலைவாசிக்கு ஈடாக அது வளர்ந்தால் கிட்டத்தட்ட 21 வருஷம் தாங்கும், அதாவது தம்பிக்கு 65, 66 வயதுவரை. அதே பணத்தை வட்டியே இல்லாத கணக்கில் போட்டு மறந்துவிட்டால், விலைவாசி ஆண்டுக்கு 3 விழுக்காடு ஏறும் பட்சத்தில் 16 வருஷத்தில் தீர்ந்துவிடும். அப்போது அவனுக்கு 61. இந்த இரண்டு எண்ணையும் காட்டியபோது அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. ஆனால் அதுவரை "நிறைய வேணும், நிறைய வேணும்" என்று பயந்துகொண்டிருந்தவருக்கு, பற்றாக்குறை எவ்வளவு என்றாவது தெரிந்தது.

அந்தப் பற்றாக்குறையில் ஒரு பகுதியை அடைக்க மத்திய சேம நிதி வந்தது. இதில் பலர் தவறுகிறார்கள், எங்கள் வீட்டிலும் தவறியிருந்தோம். சேம நிதிப் பணம் உயிலுக்குள் வராது. உயிலில் என்னதான் எழுதினாலும், சேம நிதிக் கழகத்தில் யாரை வாரிசாக நியமித்திருக்கிறீர்களோ அவருக்குத்தான் போகும். நியமனமே இல்லையென்றால் பொது அறங்காவலர் வழியாக, உயில் இல்லாதவர்களுக்கான சட்டப்படி பிரியும். அப்பா கல்யாணத்துக்கு முன்னால் பாட்டி பெயரைப் போட்டிருந்தார். கல்யாணம் ஆனதும் பழைய நியமனம் ரத்தாகிவிடும் என்பது அவருக்குத் தெரியாது. ஆக முப்பது வருஷமாக நியமனமே இல்லாமல் இருந்திருக்கிறார்!

சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளுக்காக சேம நிதியில் தனித் திட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி பெற்றோர் இறந்தபின் பணம் மொத்தமாக வராமல் மாதாமாதம் பிள்ளைக்குப் போகும். மாதத் தொகையைப் பெற்றோரே தீர்மானிக்கலாம். இதற்கான விண்ணப்பமும் எஸ்என்டிசி வழியாகத்தான். அப்பா தன் சேம நிதியில் ஒரு பங்கை அம்மாவுக்கும், மீதியை இந்தத் திட்டத்தில் தம்பிக்கும் நியமித்தார். உயிலுக்கான நீதிமன்ற அங்கீகாரத்துக்கு இது காத்திருக்க வேண்டியதில்லை என்பதால், முன்பு சொன்ன இடைவெளி மாதங்களுக்கும் இது உதவும்.

வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வீவக வீடு அப்பா அம்மா கூட்டு உரிமையில் இருக்கிறது. ஒருவர் போனால் வீடு உயிலைத் தொடாமலே மற்றவருக்குப் போகும். இரண்டாவதாகப் போகிறவரின் உயில்தான் வீட்டைத் தீர்மானிக்கும். அதனால் அப்பா மட்டும் உயில் எழுதிப் பயனில்லை, அம்மாவும் எழுத வேண்டும். அம்மாக்கள் இதை விட்டுவிடுவார்கள், கவனியுங்கள். வீவக ஒப்புதல் இல்லாமல் அந்த வீட்டை டிரஸ்ட்டில் வைக்கவும் முடியாது. ஆகவே இரண்டு பேர் உயிலிலும், கடைசியில் வீட்டை விற்று, வரும் பணத்தில் 70 விழுக்காடு தம்பியின் டிரஸ்ட்டுக்கும் 30 விழுக்காடு எனக்கும் என்று எழுதினோம். சாட்சிக் கையெழுத்துப் போட இரண்டு பேர் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். அவர்களோ அவர்களுடைய கணவன் மனைவியோ உயிலில் எதையும் பெறுபவராக இருக்கக்கூடாது, இருந்தால் அவர்களுக்கு எழுதியது செல்லாது. எதிர்வீட்டு ஆன்ட்டியும் அங்கிளும் வந்து போட்டார்கள்.

பணம் முடிந்தது. இனி ஆள்.

மனத்திறன் சட்டம் 2008ல் நிறைவேறி 2010ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, தானாக முடிவெடுக்க முடியாத ஒருவருக்காக நீதிமன்றம் ஒரு டெபுட்டியை நியமிக்கும். எந்தெந்த விஷயத்தில் முடிவெடுக்கலாம் என்பதை நீதிமன்ற உத்தரவு சொல்லும். டெபுட்டி பொதுப் பாதுகாவலர் அலுவலகத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். எங்களுக்கு முக்கியமான செய்தி இதுதான்: அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைக்கு 21 ஆகும் முன்பே பெற்றோர் தங்களை டெபுட்டியாக நியமிக்கக் கேட்கலாம். அதே விண்ணப்பத்தில், தங்களுக்குப் பிறகு பொறுப்பேற்கும் அடுத்த டெபுட்டியின் பெயரையும் கொடுக்கலாம். உயிலில் பாதுகாவலர் வரி செய்ய நினைத்த வேலையை உண்மையில் செய்வது இந்த அடுத்த டெபுட்டி ஏற்பாடுதான். சிறப்புக் கல்விப் பள்ளிகள் வழியாகப் பெற்றோருக்கு இந்த விண்ணப்பத்தில் உதவும் திட்டமும் இருக்கிறது. தம்பி பள்ளியில் இருந்தபோது அந்தக் கடிதம் வந்திருக்கிறது. அப்பா அதை மின்சாரப் பில்லோடு சேர்த்து டிராயரில் வைத்துவிட்டார். உங்கள் வீட்டுத் தம்பி தங்கை இன்னும் பள்ளியில் இருந்தால் அந்த டிராயரைத் திறந்து பாருங்கள்.

யாருடைய பெயரைக் கொடுப்பது? இங்கேதான் "நீ இருக்கியேம்மா" திரும்ப வந்தது.

எனக்குத் தம்பி மேல் உயிர். ஆனால் அந்த வாக்கியத்தை நான் பத்து வயதிலிருந்து கேட்டு வருகிறேன். யாரும் என்னிடம் கேள்வியாக அதைக் கேட்டதில்லை. வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கலாமா என்று யோசிக்கும்போதெல்லாம் அது காதில் ஒலிக்கும். வக்கீல் அலுவலகத்திலிருந்து திரும்பும்போது எம்ஆர்டியில் அப்பாவிடம் சொல்லிவிட்டேன்: "ப்பா, நான் மாட்டேன்னு சொல்லல. ஆனா நீங்க என்னைக் கேட்கவே இல்லையே." அப்பா இரண்டு நிலையம் தாண்டும்வரை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "உனக்குச் சம்மதமாம்மா?" என்று கேட்டார். சம்மதம் என்றேன். நானாகச் சொன்னபோது அது வேறு மாதிரி இருந்தது.

இருந்தாலும் நான் ஒருத்தி மட்டும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். அம்மாவின் தங்கை, என் சித்திக்கு 44 வயது. தம்பி அவர் வீட்டில் ஒரு வாரம் அழாமல் தங்கியிருக்கிறான். அப்பா இந்த முறை நேரில் போய், தட்டில் பழம் வைத்துக் கேட்டார். அடுத்த பத்து வருஷத்தில் ஏதாவது ஆனால் சித்தி, அதற்குப் பிறகு நான் என்பது எங்கள் பேச்சு. விண்ணப்பத்தில் இருவர் பெயரும் போகிறது, ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் மற்றவர் முடிவெடுக்கலாம் என்றும் கேட்கிறோம். ஜொகூரில் இருக்கும் மாமாவுக்குக் கொஞ்சம் வருத்தம். ஆனால் நள்ளிரவில் தம்பிக்கு வலிப்பு வந்தால் பாலம் தாண்டி வந்துதான் கையெழுத்துப் போட வேண்டும். அதைச் சொன்னதும் அவரே சிரித்துவிட்டார்.

இதில் இன்னொரு நுணுக்கம். தம்பியின் காலத்துக்குப் பிறகு டிரஸ்ட்டில் மிச்சமிருக்கும் பணம் யாருக்கு என்று பத்திரத்தில் எழுத வேண்டும். அப்பா என் பெயரைச் சொன்னார். யோசித்துப் பாருங்கள். தம்பியைப் பார்த்துக்கொள்வதும் நான், அவனுக்குச் செலவழிக்காமல் விட்ட ஒவ்வொரு வெள்ளியும் கடைசியில் எனக்கு. என் மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. ஆனாலும் அவனுக்கு நல்ல பல் சிகிச்சையா, சாதாரணமானதா என்ற கேள்வி வரும்போது என் மனதில் ஒரு மூலையில்கூட அந்தக் கணக்கு ஓடக்கூடாது. பணத்தை விடுவிப்பது எஸ்என்டிசி என்பதால் இந்தச் சிக்கல் குறைகிறது. இருந்தும் மிச்சத்தில் பாதியைத் தம்பி படித்த பள்ளிக்கு எழுதச் சொன்னேன். சொந்தக்காரரையே டிரஸ்டியாகப் போடும் குடும்பங்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். டிரஸ்டியும், பார்த்துக்கொள்பவரும், மிச்சத்தைப் பெறுபவரும் ஒரே ஆளாக இருந்தால் தப்பு நடந்தாலும் கேட்க ஆள் இருக்காது.

மனநோய் உள்ள பிள்ளை என்றால் இதே பாதை அப்படியே பொருந்தாது. எனக்குத் தெரிந்த ஒருவரின் அண்ணனுக்கு ஸ்கிட்ஸோஃப்ரீனியா. மருந்து எடுக்கும் மாதங்களில் வேலைக்குப் போவார், வரவு செலவு எல்லாம் தெளிவாகப் பார்ப்பார். நோய் முற்றும்போது சம்பளம் முழுவதையும் ஒரே நாளில் யாருக்காவது கொடுத்துவிடுவார். தெளிவாக இருக்கும் மனிதருக்கு, அவருக்கு மனநோய் இருக்கிறது என்பதற்காக மட்டும் டெபுட்டி கேட்க முடியாது. சட்டம் நோயின் பெயரைப் பார்ப்பதில்லை, குறிப்பிட்ட முடிவை அந்த நேரத்தில் அவரால் எடுக்க முடிகிறதா என்றுதான் பார்க்கும். அவருக்கு 21 வயது ஆகிவிட்டதால், தெளிவாக இருக்கும்போது தானே நீண்டகால அதிகாரப் பத்திரம் எழுதலாம். பின்னால் தன்னால் முடியாமல் போகும்போது யார் தனக்காக முடிவெடுக்க வேண்டும் என்பதை அவரே தேர்ந்தெடுப்பதுதான் அது. என் தம்பிக்கு இல்லாத உரிமை அது, பயன்படுத்திக்கொள்ள வேண்டும். பணத்தைப் பொறுத்தவரை, அவர் கேட்டதும் மொத்தமாகக் கொடுக்க வேண்டிய கட்டாயம் டிரஸ்டிக்கு இல்லாதபடி, எப்போது எவ்வளவு என்பதை டிரஸ்டியின் முடிவுக்கு விட்டு எழுதுவார்கள். வாடகையும் மருத்துவமனைக் கட்டணமும் நேரடியாகப் போகும், கைச்செலவு வாராவாரம் வரும். பெற்றோர் இதை அவரிடம் மறைக்காமல் சொல்லிச் செய்தால் நல்லது. பிறகு தெரியவந்தால் "என்னை நம்பலையா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல அவர்கள் இருக்க மாட்டார்கள்.

இன்னும் ஒரு தாள் இருக்கிறது. டிரஸ்ட் பத்திரத்தோடு பெற்றோர் எழுதித் தரும் விருப்பக் கடிதம். இது உயில் மாதிரி யாரையும் கட்டுப்படுத்தாது. பிள்ளையை அறியாத ஒருவர் நாளைக்கு அவனைப் பார்த்துக்கொள்ள வந்தால் அவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் அதில் இருக்கும். அப்பா அரைப் பக்கத்தில் முடித்துவிட்டார்: நல்ல பையன், கோபம் வராது. அம்மாவிடம் கொடுத்தோம். இட்லிமேல் சாம்பார் படக்கூடாது, தனிக் கிண்ணத்தில் வைக்கணும். கழிப்பறையில் கை உலர்த்தும் இயந்திரம் சத்தம் போட்டால் ஓடிவிடுவான், ரோட்டையும் பார்க்க மாட்டான். கோயிலுக்குக் கூட்டிப்போனால் மேளம் தொடங்கும் முன் வெளிப்பிரகாரத்துக்கு வந்துவிடணும், தீபாராதனை முடிந்ததும் தானே உள்ளே இழுப்பான். பல்வலி என்றால் சொல்ல மாட்டான், இடது காதைத் தட்டுவான்.

டெபுட்டி விண்ணப்பத்துக்கு மருத்துவ அறிக்கை வேண்டும், அதற்கு அடுத்த மாதம் சந்திப்பு வாங்கியிருக்கிறோம். காப்பீட்டுப் பத்திரத்தில் பழைய பெயரை மாற்றும் படிவம் அப்பாவின் மேஜையில் இருக்கிறது, இந்த வாரம் போட்டுவிடுவதாகச் சொல்கிறார். விருப்பக் கடிதம் ஆறு பக்கம் ஆகியும் முடியவில்லை. நேற்றிரவு நான் இதை எழுதிக்கொண்டிருந்தபோது அம்மா வந்து, அந்தத் தாளைக் கொஞ்சம் கொடு, அவனுக்கு மழை பெய்யும்போது ஜன்னலைத் திறந்து வைக்கணும்னு எழுத மறந்துட்டேன் என்றார்.